வாட்ச்ல இடம் இல்லாம அப்டேட் நிக்குதா? அழிக்கிறதுக்கு முன்னாடி எதை நிறுத்தணும்னு பாருங்க

கேள்வி: "என்கிட்ட 32 ஜிபி ஆப்பிள் வாட்ச் இருக்கு. அப்டேட் வந்து ரெண்டு வாரமா நிக்குது, இன்ஸ்டால் குடுத்தா இடம் பத்தலன்னு சொல்லுது. பாட்டு, ட்ரெக்கிங் மேப், போட்டோ எல்லாம் வச்சிருக்கேன். போட்டோ முழுசையும் எடுத்துட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. கொஞ்சம் பாட்டும் அழிச்சேன், காலைல பாத்தா மறுபடி இடம் இல்லங்குது. ரீசெட் பண்ணித்தான் ஆகணுமா?"

ரீசெட் இப்போதைக்கு வேணாம். உங்க கேள்வியிலயே விஷயம் இருக்கு பாருங்க, "காலைல பாத்தா மறுபடி இடம் இல்ல"ன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த வரிதான் முக்கியம். ராத்திரி வாட்ச்ச சார்ஜர்ல வச்சிட்டுத் தூங்கியிருப்பீங்க. ஆப்பிள் வாட்ச்சுக்கு பாட்டும் பாட்காஸ்ட்டும் போன்லேர்ந்து வந்து இறங்குற நேரமே அதுதான், சார்ஜர்ல இருந்து பக்கத்துல போன் இருக்கும்போது. அப்டேட் இன்ஸ்டால் ஆகணும்னாலும் வாட்ச் சார்ஜர்ல இருக்கணும், அம்பது சதவீதத்துக்கு மேல சார்ஜும் இருக்கணும். அதாவது அப்டேட்டுக்குன்னு நீங்க காலி பண்ணி வச்ச இடத்துல, அதே சார்ஜர்ல, அதே ராத்திரி, பாட்டு வந்து உக்காந்துடுது. குழாயத் திறந்து விட்டுட்டு தொட்டிய மொண்டு மொண்டு ஊத்துற கதைதான். அதனால முதல்ல குழாய மூடணும், அப்புறம்தான் அழிக்கணும். இந்த வரிசைய மாத்திச் செஞ்சா எத்தன தடவ அழிச்சாலும் இதேதான் நடக்கும்.

எங்க சித்தி பொண்ணோட வாட்ச்சும் போன மாசம் இதே நிலையில என்கிட்ட வந்துச்சு, அதுவும் 32 ஜிபிதான். அத வச்சே சொல்றேன், உங்களோடத ஒப்பிட்டுப் பாக்க சுலபமா இருக்கும்.

முதல் வேலையா எது எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு பாக்கணும், பாக்காம ஒண்ணையும் தொடக்கூடாது. போன்ல Watch ஆப்பத் திறந்து General, அதுக்குள்ள Storage போனா ஆப் வாரியா ஒரு பட்டியல் வரும். வாட்ச்லயே Settings, General, Storage போயும் பாக்கலாம். நான் வாட்ச்லதான் பாப்பேன், ஏன்னா போன்ல காட்டுற கணக்கு சில சமயம் கொஞ்சம் பழசா இருக்கும். திறந்த உடனே வர்ற நம்பர நம்பாதீங்க, பட்டியல் முழுசா கணக்குப் போட்டு முடிக்க கொஞ்ச நேரம் எடுக்கும், அது வரைக்கும் காத்திருங்க. தங்கச்சி வாட்ச்ல வந்த கணக்கு இது: பாட்டு 13.2 ஜிபி, ட்ரெக்கிங் மேப் ஆப் 4.8 ஜிபி, பாட்காஸ்ட் 1.9 ஜிபி, மத்த ஆப்பெல்லாம் சேந்து ஒரு ஜிபி சொச்சம், போட்டோ 90 எம்பி. காலியா இருந்தது 900 எம்பி கூட இல்ல.

அந்த 90 எம்பிய கவனிங்க. போட்டோதான் இடத்த அடைக்குதுன்னு அவளும் உங்கள மாதிரியே நெனச்சிருந்தா, போன்ல அப்படித்தானே நடக்குது. ஆனா வாட்ச்சுக்கு வர்ற போட்டோ போன்ல இருக்குற அந்த முழு ஃபைல் இல்ல, வாட்ச்சோட குட்டி ஸ்க்ரீனுக்குத் தகுந்த மாதிரி சின்னதாக்கின காப்பி. அதனால நூத்துக்கணக்குல போட்டோ இருந்தாலும் பாட்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா அது ஒண்ணுமே இல்ல. நீங்க போட்டோவ முழுசா எடுத்தும் பிரயோஜனம் இல்லாமப் போனதுக்கு இதுதான் காரணம், நீங்க எதையும் தப்பாச் செய்யல. அப்டேட் முடிஞ்சதும் தாராளமா திரும்ப வச்சுக்கங்க, Watch ஆப்ல Photos உள்ள Photos Limit இருக்கு, எத்தன போட்டோ வரைக்கும்னு அதுல சொல்லிடலாம்.

ஒரு எச்சரிக்கை, போட்டோவ வாட்ச்லேர்ந்து எடுக்குறேன்னு போன்ல இருக்குற போட்டோவையே டெலீட் பண்ணிடாதீங்க. வாட்ச்ல இருக்குறது ஒரு ஆல்பத்தோட நகல்தான், Watch ஆப்ல சிங்க்க நிறுத்தினாலே வாட்ச்லேர்ந்து போயிடும், போன்ல இருக்குறத தொடவே வேணாம். ஆல்பத்தையே அழிச்சிட்டு அப்புறம் தேடினவங்கள எனக்குத் தெரியும்.

சரி, இப்ப குழாய மூடுற வேலை. Watch ஆப்ல Music போங்க. அங்க ரெண்டு விதமா பாட்டு இருக்கும், நீங்களே சேத்த பிளேலிஸ்ட், ஆல்பம் ஒரு பக்கம், தானா சேந்தது இன்னொரு பக்கம். ஆப்பிள் மியூசிக் சந்தா இருந்தா நீங்க சமீபத்துல கேட்டதையெல்லாம் அது கேக்காமலே வாட்ச்ல இறக்கிட்டே இருக்கும். Recent Music னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. தானா சேர்ற வேற எதுவும் கீழ இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க. உங்களுக்கு "கொஞ்சம் பாட்டு" அழிச்ச இடம் திரும்ப ரொம்பினது அநேகமா இந்த வழியாத்தான் இருக்கும். அதே ஆப்ல Podcasts உள்ள போயி தானா எபிசோட் சேர்றத நிறுத்துங்க, ஆடியோபுக் கேக்குறவங்க Audiobooks உள்ளயும் Reading Now, Want to Read ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. கடைசியா General உள்ள Automatic App Install னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஆன்ல இருந்தா போன்ல நீங்க போடுற ஆப்போட வாட்ச் பாகமெல்லாம் சொல்லாமக் கொள்ளாம வந்து சேரும், அதையும் ஆஃப் பண்ணிடுங்க. இது எல்லாத்துக்கும் சேத்து அஞ்சு நிமிஷம் ஆகும். இந்த அஞ்சு நிமிஷத்த விட்டதுனாலதான் பல பேர் ரீசெட் வரைக்கும் போறாங்க.

இப்ப அழிக்கலாம். எவ்வளவு அழிக்கணும்? இங்கயும் ஒரு குழப்பம் வரும். அப்டேட் ஸ்க்ரீன்ல ஒரு சைஸ் போட்டிருக்கும், அது டவுன்லோடோட சைஸ். சுருக்கி வச்ச ஃபைல் வாட்ச்சுக்கு வந்ததுக்கப்புறம் பிரிச்சு, சரிபாத்து, பழைய சிஸ்டம் ஓடிட்டிருக்கும்போதே புதுச தயார் பண்ணணும், அதுக்குத் தனியா இடம் வேணும். டவுன்லோட் ஒழுங்கா முடிஞ்சு Preparing ல வந்து தடுக்குதுன்னா பெரும்பாலும் இந்த இடம்தான் பத்தலன்னு அர்த்தம். ஒரு ஜிபி அப்டேட்டுக்கு ஒரு ஜிபி காலி பண்ணிட்டு "அதான் இடம் இருக்கே"ன்னு கேக்குறது இதனாலதான். மெசேஜ்ல இன்னும் இவ்வளவு வேணும்னு நம்பர் சொன்னா அத விட ரெண்டு ஜிபி கூடவே வச்சுக்கங்க, நம்பர் சொல்லலன்னா டவுன்லோட் சைஸ் மாதிரி மூணு மடங்கு காலி பண்ணுங்க. இது நான் வச்சிருக்குற கணக்கு, ஆப்பிள் சொன்னது இல்ல, ஆனா ஒரே தடவைல முடிஞ்சிடும்.

பாட்டோட கணக்கு ரொம்ப நேரடியானது. ஆப்பிள் மியூசிக்ல வழக்கமா வர்ற 256 கேபிபிஎஸ் தரத்துல நாலு நிமிஷப் பாட்டு ஒண்ணு கிட்டத்தட்ட 7.7 எம்பி. அப்ப ஒரு ஜிபின்னா ஏறக்குறைய 130 பாட்டு. நாலு ஜிபி வேணும்னா 500 பாட்டுக்கு மேல போகணும். நீங்க "கொஞ்சம் பாட்டு" அழிச்சேன்னு சொன்னது ஒரு முப்பது நாப்பது பாட்டா இருந்தா அது மிஞ்சிப்போனா 300 எம்பி சொச்சம்தான், அப்டேட்டுக்கு அது எந்த மூலைக்கு? ஒவ்வொரு பாட்டா தேடி அழிக்கிறது நேரத்துக்குத்தான் கேடு. Watch ஆப்ல Music உள்ள Edit தொட்டு, பெரிய பிளேலிஸ்ட் ஒண்ணையோ ரெண்டையோ பக்கத்துல இருக்குற மைனஸ் குறி வச்சு மொத்தமா எடுத்துடுங்க. போன்ல பாட்டு அப்படியே இருக்கும், லைப்ரரிலேர்ந்து எதுவும் போகாது, வாட்ச்ல இருக்குற காப்பி மட்டும்தான் போகும். அப்டேட் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே அதே பிளேலிஸ்ட்ட திரும்பச் சேத்துட்டா காலைல வந்திருக்கும். அதனால பாட்ட எடுக்கத் தயங்கவே வேணாம், திரும்ப வைக்கிறதுக்கு இருக்குறதுலயே சுலபமானது அதுதான்.

ஆப்பிள் மியூசிக் இல்லாம வேற ஆப்ல வாட்ச்சுக்கு டவுன்லோட் பண்ணி வச்சிருந்தீங்கன்னா Watch ஆப்ல இருக்குற Music பக்கத்துல அது தெரியாது. Storage பட்டியல்ல அந்த ஆப் பேர்லயே இடம் காட்டும், அந்த ஆப்ப வாட்ச்ல திறந்து அதுக்குள்ள இருக்குற டவுன்லோடத்தான் எடுக்கணும். அதுவும் ஒத்துழைக்கலன்னா அந்த ஆப்பையே வாட்ச்லேர்ந்து நீக்கிட்டு அப்டேட்டுக்கு அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம், டவுன்லோடும் அதோட சேந்தே போயிடும்.

மேப்ப பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா திரும்ப வைக்கிறது கஷ்டமானது அதுதான், ட்ரெக்கிங் போறவங்களுக்கு அது எவ்வளவு முக்கியம்னும் தெரியும். முதல்ல அந்த மேப் எங்க இருக்குன்னு உறுதி பண்ணுங்க. போன்ல ஒரு ஏரியாவ ஆஃப்லைனா இறக்கி வச்சிருந்தா அது போனோட இடத்தப் பிடிக்கும், அத அழிச்சா வாட்ச்ல இடம் வரும்னு எதிர்பாக்க முடியாது. வாட்ச் Storage பட்டியல்ல மேப் ஆப்புக்கு நேரா பெரிய நம்பர் இருந்தாத்தான் வாட்ச்லயே மேப் உக்காந்திருக்குன்னு அர்த்தம். போன் இல்லாம காட்டுக்குள்ள போறதுக்குன்னு இருக்குற ஆப்புங்க வாட்ச்லயே மேப்ப சேத்து வைக்கும், தங்கச்சி வாட்ச்ல 4.8 ஜிபி அப்படி வந்ததுதான்.

அவ மேப்ப முழுசா எடுக்கவே ஒத்துக்கல, அடுத்த வாரம் ட்ரெக் இருந்துச்சு, அது நியாயம்தான். ஏரியாவ அழிக்கத் தேவையில்லாத வழி ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி மேப் சின்னச் சின்ன சதுரப் படமா வெட்டித்தான் சேமிக்கப்படுது, டைல்னு சொல்வாங்க. ஜூம் ஒரு படி கூடினா ஒவ்வொரு டைலும் நாலா பிரியும். அதாவது ஒரு ஏரியாவுக்கு 14ஆவது ஜூம்ல 100 டைல் இருந்தா 15ல 400, 16ல 1600, 17ல 6400. எல்லாத்தையும் கூட்டினா 8500, அதுல 6400 அந்தக் கடைசி ஒரு படிக்கு மட்டும். மொத்த இடத்துல முக்காவாசிய கடைசி ஜூம்தான் சாப்பிடுது. டைல் ஒவ்வொண்ணும் ஒரே சைஸ்ல இருக்காது, வெறும் காடோ தண்ணியோ இருக்குற டைல் சின்னதா இருக்கும், அதனால கணக்கு அச்சுக்கு அச்சா வராது, ஆனா கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்.

அவ 17 வரைக்கும் எடுத்து வச்சிருந்தா. அந்தக் கடைசி படியில ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியா தெரியும், ஊருக்குள்ள தெரு தேடுறதுக்கு அது நல்லது, மலைப்பாதையில நடக்குறதுக்கு 16லயே பாதை, ஓடை, பிரியுற இடம் எல்லாம் தெளிவா தெரியுது. நானும் அவளும் ஒரே இடத்த ரெண்டு ஜூம்லயும் வாட்ச் ஸ்க்ரீன்ல வச்சுப் பாத்தோம், நடக்குறவங்களுக்கு 17 கூடுதலா ஒண்ணும் காட்டல. அதனால அந்த ஏரியாவ எடுத்துட்டு அதே எல்லையோட 16 வரைக்கும்னு வச்சு திரும்ப இறக்கினோம். 4.8 ஜிபி இருந்தது 1.3 ஜிபி ஆச்சு, அவ போகப்போற மலை முழுசும் அப்படியே வாட்ச்ல இருந்துச்சு. உங்க ஆப்ல ஜூம் அளவு கேக்குற வசதி இருந்தா இதையே பண்ணுங்க. இல்லாட்டி ஏரியாவோட எல்லைய குறைச்சு, பாதைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்ச தூரம் மட்டும் வர்ற மாதிரி எடுங்க, முழு மாவட்டத்தையும் தூக்கிட்டுப் போகத் தேவையில்ல. ஒண்ணு மட்டும், திரும்ப இறக்குறது அப்டேட் முடிஞ்சப்புறம் இருக்கட்டும், அவசரம்னா மட்டும் முன்னாடி. எங்களுக்கு மூணு நாளே இருந்ததால முன்னாடியே செஞ்சோம். இன்னொண்ணு, ட்ரெக்குக்கு முன்னாடி நாள் போனையும் வாட்ச்சயும் ஃப்ளைட் மோட்ல போட்டுட்டு வாட்ச்ல மேப்ப திறந்து பாதை முழுக்க நகத்திப் பாத்துடுங்க, பாதி இறங்கின மேப் மலையில போயி தெரியக்கூடாது.

அழிச்சதெல்லாம் உடனே கணக்குல வராது, இதுலயும் நிறைய பேர் ஏமாறுறாங்க. போன்ல நீங்க "எடு"ன்னு சொன்னது வாட்ச்சுக்குப் போயி அது நிஜமா அழிக்கணும். வாட்ச் தூரத்துல இருந்தாலோ ப்ளூடூத் விட்டுப் போயிருந்தாலோ போன்ல பிளேலிஸ்ட் மறைஞ்சிருக்கும், வாட்ச்ல பாட்டு அப்படியே இருக்கும். எடுத்த பிளேலிஸ்ட் வாட்ச்ல இருக்குற Music ஆப்லேர்ந்தும் போச்சான்னு பாருங்க. போகலன்னா ரெண்டையும் பக்கத்துல வச்சு பத்துப் பதினஞ்சு நிமிஷம் விடுங்க, அப்புறம் வாட்ச்சயும் போனையும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு Storage பாருங்க. எங்களுக்கு பெரிய பிளேலிஸ்ட் ரெண்ட எடுத்தப்புறமும் 900 எம்பியேதான் காட்டிட்டிருந்துச்சு, ரீஸ்டார்ட் பண்ணி வந்ததும்தான் பாட்டு 13.2லேர்ந்து 6.5க்கு இறங்கினது தெரிஞ்சுது. அந்த நேரத்துல பொறுமை இழந்து மிச்சத்தையும் அழிச்சிருந்தா தேவையில்லாம எல்லாத்தையும் திரும்ப ஏத்த வேண்டி வந்திருக்கும்.

ரெண்டு வாரமா அப்டேட் நிக்குதுன்னு சொன்னதால இன்னொண்ணும் பாருங்க. ஏற்கனவே இறங்கின அப்டேட் ஃபைல் ஒண்ணு பாதியிலயோ பழுதாவோ வாட்ச்ல கிடக்கலாம், அதுவே இடத்த அடைச்சிட்டு இருக்கும். Watch ஆப்ல General, Storage பட்டியல்ல அப்டேட்னு ஒரு வரி தெரிஞ்சா அதத் தொட்டு டெலீட் பண்ணிடுங்க, திரும்ப Software Update போனா புதுசா இறக்கும். அந்த வரியே இல்லன்னா விட்டுடுங்க. போன் பக்கமும் ஒரு பார்வை பாருங்க, போன் வழியா அப்டேட் குடுக்கும்போது ஃபைல் முதல்ல போனுக்கு வந்துதான் வாட்ச்சுக்குப் போகுது, போன்லயும் மூச்சு விட இடம் இல்லன்னா அங்கயே திணறும்.

இப்ப அப்டேட். வாட்ச்ச சார்ஜர்ல வச்சு அம்பது சதவீதம் தாண்டினதும், போன வைஃபைல பக்கத்துல வச்சிட்டு ஆரம்பிங்க. முடிஞ்சா பகல்ல பண்ணுங்க, ராத்திரி வச்சிட்டுத் தூங்கினா எந்த இடத்துல நின்னுச்சுன்னு தெரியாது. டவுன்லோட் மெதுவாத்தான் போகும், காட்டுற நேரமும் ஏறி இறங்கும், அதப் பாத்து பயப்படாதீங்க. ஆப்பிள் லோகோவும் அதச் சுத்தி வளையமும் வந்தப்புறம் மட்டும் வாட்ச்ச சார்ஜர்லேர்ந்து எடுக்கவோ ரீஸ்டார்ட் பண்ணவோ கூடாது, வளையம் ரொம்ப நேரம் அசையாம நின்ன மாதிரி தெரிஞ்சாலும் விடுங்க. எங்களுக்கு சாயங்காலம் ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுது.

இவ்வளவும் பண்ணி, அஞ்சாறு ஜிபி காலி இருக்குன்னு வாட்ச்சே காட்டி, அப்பவும் இடம் இல்லன்னு சொன்னா மட்டும் அன்பேர் பண்ணுங்க, அதாவது வாட்ச்ச போன்லேர்ந்து பிரிச்சு சுத்தமா அழிச்சிட்டு திரும்பச் சேக்கணும். பழைய 8 ஜிபி சீரீஸ் 3 வச்சிருந்தவங்களுக்கு ஒரு காலத்துல ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே வேலைதான், அதுல ஒண்ணுமே சேத்து வைக்கலன்னாலும் இடம் பத்தாது. 32 ஜிபிக்கு இது கடைசி வழி.

அதையும் சரியான இடத்துலேர்ந்து பண்ணணும். வாட்ச்ல இருக்குற ரீசெட்ட தொடாதீங்க, அது பேக்கப்பும் எடுக்காது, வாட்ச்ச உங்க ஆப்பிள் அக்கவுண்டோட பூட்டி வைக்கிற ஆக்டிவேஷன் லாக்கும் போகாது. போன்ல Watch ஆப், மேல All Watches, உங்க வாட்ச்சுக்குப் பக்கத்துல இருக்குற ஐ குறி, அதுல Unpair Apple Watch. ரெண்டும் பக்கத்துல இருக்கணும், இந்த வழியில போனா முதல்ல போன்ல பேக்கப் எடுத்துட்டுத்தான் வாட்ச்ச சுத்தம் பண்ணும். ஆப்பிள் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் கேக்கும், அத முன்கூட்டியே நினைவுபடுத்தி வச்சுக்கங்க. செல்லுலார் மாடல்னா பிளான வச்சுக்கவா எடுக்கவான்னு கேக்கும், திரும்ப இதே போன்லதான் சேக்கப் போறீங்க, வச்சுக்கன்னு குடுங்க. வாட்ச் ஃபேஸ், ஆப் செட்டிங்ஸ் எல்லாம் பேக்கப்லேர்ந்து திரும்பும். திரும்பாதது மூணு: வாட்ச்சோட பாஸ்கோட், ஆப்பிள் பேல போட்ட கார்டு, ப்ளூடூத் இயர்போன் மாதிரி சேத்து வச்ச சாதனங்க. மேப் ஆப்ல இறக்கின ஏரியாவும் திரும்பும்னு நம்பி இருக்காதீங்க, என்னென்ன ஏரியா, எந்த ஜூம் வரைக்கும்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு ஆரம்பிங்க.

இங்கதான் குழாய் விஷயம் திரும்ப வருது. எந்த பிளேலிஸ்ட் வாட்ச்ல இருக்கணுங்குற செட்டிங்கும் பேக்கப்ல சேந்தே போகும். குழாய மூடாம அன்பேர் பண்ணி, பேக்கப்லேர்ந்து திரும்பக் கொண்டு வந்து, "அப்டேட் ராத்திரி பண்ணிக்கலாம்"னு சார்ஜர்ல வச்சா காலைல 13 ஜிபி பாட்டோட அதே மெசேஜ் நிக்கும். அதனால மேல சொன்ன ஸ்விட்ச்செல்லாம் ஆஃப்ல, பிளேலிஸ்ட்டும் எடுத்த நிலையில அன்பேர் பண்ணுங்க, திரும்ப பேர் ஆனதும் வேற எதையும் சேக்காம முதல் வேலையா அப்டேட்ட போடுங்க.

அப்டேட் முடிஞ்சதும் ஒரே நாள்ல எல்லாத்தையும் திரும்பத் திறந்து விடாதீங்க. முதல்ல மேப், அப்புறம் நிஜமா ஓடும்போது கேக்குற ஒரு பிளேலிஸ்ட், அப்புறம் போட்டோ. Recent Music மட்டும் ஆஃப்லயே இருக்கட்டும், வாட்ச்ல என்ன இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. தங்கச்சி வாட்ச்ல இப்ப ரெண்டு பிளேலிஸ்ட், 16 ஜூம் வரைக்கும் மேப், அவ எடுத்த போட்டோ எல்லாமே இருக்கு, 11 ஜிபி காலியாவும் இருக்கு. உங்க Storage பட்டியல்ல முதல் மூணு வரியில எந்த ஆப், எவ்வளவுன்னு போடுங்க, எதுலேர்ந்து எவ்வளவு எடுக்கலாம்னு பாத்துச் சொல்றேன்.